மாலையில் மட்டும் தடைபடும் காணொளி: கூடுதல் கட்டணம் செலுத்துமுன் அளந்து பார்க்க வேண்டியவை

பகல் முழுவதும் இடையூறின்றி ஓடும் இணையக் காணொளி, இரவு எட்டு மணியளவில் திரையில் சுழலும் வட்டத்துடன் நின்றுவிடுவது டோஸ்ட்ருப்பின் பல வீடுகளில் காணப்படும் நிலையாகும். இந்நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது, இணைய நிறுவனத்தை அழைத்து மேலும் வேகமான, மேலும் விலை கூடிய திட்டத்துக்கு மாறுவதே. சில வீடுகளில் அதனால் பயன் உண்டு. வேறு பல வீடுகளில் மாதக் கட்டணம் மட்டுமே உயரும். வட்டம் தொடர்ந்து சுழலும். தடை எந்த இடத்தில் ஏற்படுகின்றது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஒரே கருவியைக் கம்பி மூலம் இணைத்து, காலையிலும் மாலையிலும் வேகத்தை அளப்பதே அவ்வழி. அதனை எவ்வாறு செய்வது, கிடைக்கும் எண்களை எவ்வாறு பொருள் கொள்வது, தவறு நிறுவனத்தின் பக்கம் இருப்பின் சட்டப்படி என்ன கோரலாம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

காணொளி ஏன் நின்று நின்று ஓடுகின்றது

இணையத்தில் பார்க்கும் திரைப்படம் ஒரே நீண்ட ஓட்டமாக வீட்டுக்கு வருவதில்லை. அது சில விநாடிகள் நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றது. தொலைக்காட்சி அல்லது கைப்பேசி, அடுத்த சில துண்டுகளை முன்கூட்டியே பெற்றுச் சேமித்து வைக்கின்றது. துண்டுகள் வரும் வேகம், பார்க்கும் வேகத்தைவிடக் குறைந்தால் அச்சேமிப்பு கரைகின்றது. முற்றாகக் கரைந்ததும் படம் நிற்கின்றது.

இதற்குத் தேவைப்படும் வேகம் பலரும் எண்ணுவதைவிட மிகக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் முழு உயர்தெளிவுப் படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தையும், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேகத்தையும் பரிந்துரைக்கின்றது. ஆகவே ஒரு வீட்டில் மூன்று திரைகள் ஒரே நேரத்தில் உயர்தெளிவில் ஓடினாலும் 15 மெகாபிட் அளவே போதுமானது. விநாடிக்கு 300 மெகாபிட் திட்டம் உள்ள வீட்டில் ஒரு திரைப்படம் நிற்குமாயின், அங்கு குறைபாடு பெரும்பாலும் திட்டத்தின் அளவில் இல்லை. அந்த 300இல் மிகச் சிறு பகுதியே திரைவரை வந்து சேர்கின்றது என்பதே பொருள்.

நேரலை நிகழ்ச்சிகள் இன்னும் எளிதில் தடைபடும். திரைப்படத்தை ஒரு நிமிடம் முன்கூட்டியே பெற்று வைக்கலாம். ஆனால் அப்போதே நிகழும் துடுப்பாட்டப் போட்டியையோ செய்தியையோ அவ்வாறு முன்கூட்டிப் பெற இயலாது. எனவே சேமிப்பு மிகச் சிறியதாகவே இருக்கும். வேகம் சில விநாடிகள் தளர்ந்தாலும் படம் நின்றுவிடும்.

மாலையில் மட்டும் என்பதன் முதற் காரணம்: பகிரப்படும் பாதை

வீட்டுக்கு வரும் இணையப் பாதை, தெருவின் ஏதோ ஓர் இடத்தில் அயலவர்களின் பாதையுடன் இணைகின்றது. எவ்விடத்தில் இணைகின்றது என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. தொலைக்காட்சிக் கம்பி எனப்படும் கோக்ஸ் வழியாக வரும் இணைப்பில், ஒரே பகுதியைச் சேர்ந்த பல வீடுகள் ஒரே கம்பியின் கொள்ளளவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒளியிழை இணைப்பிலும் பகிர்வு உண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் விநாடிக்கு 2.5 கிகாபிட் கொள்ளளவை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் ஒரு வீட்டின் தேவையுடன் ஒப்பிட்டால் அக்கொள்ளளவு பெரிதாகையால் நெரிசல் அரிதாகவே உணரப்படும். 4ஜி, 5ஜி எனக் கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் வீட்டு இணைப்பில், அக்கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் அதே அலைவரிசையைப் பகிர்கின்றனர். அவ்வழியே செல்வோரின் கைப்பேசிகளும் அதில் அடங்கும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கிலேயே இப்பாதைகள் அமைக்கப்படுகின்றன. அது தவறான கணக்கன்று. தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் அவ்வாறே அமைக்கப்படுகின்றன. ஆனால் வேலையிலிருந்தும் பாடசாலையிலிருந்தும் மக்கள் வீடு திரும்பி, இரவு உணவு முடிந்து, திரை முன் அமரும் நேரம் ஏறத்தாழ ஒன்றேயாகும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் தன் வேக அளவீடுகளில் வார நாட்களின் இரவு 7 மணி முதல் 11 மணி வரையான நேரத்தையே உச்சப் பயன்பாட்டு நேரமாகக் கொள்கின்றது.

இக்கணக்குக் குறித்து ஐரோப்பா முழுவதும் அச்சம் எழுந்த காலம் ஒன்றும் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் மக்கள் வீடுகளில் முடங்கியபோது, ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர் தியரி பிரெத்தோன் காணொளி நிறுவனங்களிடம் படத்தின் தரத்தைக் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார். நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் 30 நாட்களுக்குத் தன் தரவோட்டத்தைக் குறைத்தது. வலைப்பின்னலின் மீதான சுமை ஏறத்தாழ 25 விழுக்காடு குறையும் என அது அறிவித்தது. யூடியூப் இயல்பான தரத்தைக் கீழிறக்கியது. சுமை பாதையைவிடப் பெரிதாகும்போது ஒன்றில் பாதையை அகலமாக்க வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். தனி வீடு ஒன்று தன் திட்டத்தை உயர்த்துவதனால் தெருவின் பொதுப் பாதை அகலமாகிவிடாது.

இரண்டாவது காரணம்: வீட்டுக்குள் இருக்கும் வானலை

தடை மாலையில் மட்டும் ஏற்படுவதால் தவறு நிறுவனத்தினுடையதே என்று முடிவு கட்டுவது இயல்பு. அடுக்குமாடிகளில் அம்முடிவு பல வேளைகளில் பிழையாகும். வைஃபையும் பகிரப்படும் பாதையே. ஒரே அலைத்தடத்தில் இயங்கும் இரு ரவுட்டர்கள் ஒரே வேளையில் பேச இயலாது; ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். அயல்வீட்டாரின் இணைப்பு வேறு நிறுவனத்துடையதாக இருப்பினும், வானலை ஒன்றேயாகும். ஆகவே மாலையில் அயலவர்கள் அனைவரும் திரை முன் அமரும்போது, தெருவில் உள்ள கம்பி வெறுமையாக இருந்தாலும் வீட்டுக்குள் நெரிசல் ஏற்படும்.

இந்நெரிசல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலேயே மிகுதி. ஐரோப்பாவில் அவ்வரிசையில் 13 தடங்கள் உண்டு எனினும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. ஒன்றையொன்று தொடாமல் இயங்கக்கூடியவையாக வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே. ஒரு படிக்கட்டைச் சுற்றி எட்டு வீடுகள் இருப்பின், எட்டு ரவுட்டர்கள் மூன்று தடங்களுக்குப் போட்டியிடுகின்றன. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ அதே அலையில்தான் இயங்குகின்றது. இரவு உணவைச் சூடாக்கும் நேரத்தில் மட்டும் படம் நிற்குமாயின் அதனையும் நினைவிற்கொள்க.

5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் தடங்கள் பல, வேகமும் மிகுதி. ஆனால் அது சுவர்களைக் கடப்பதில் வலுக் குறைந்தது. டோஸ்ட்ருப்கோர்ட், காடெஹாவெகோர்ட் போன்ற, 1970களை ஒட்டி எழுந்த குடியிருப்புகள் காங்கிரீட் பலகங்களால் ஆனவை. இரும்புக் கம்பி பொதிந்த காங்கிரீட்டுச் சுவர் ஒன்றைக் கடந்ததும் அலை பெரிதும் மெலிகின்றது. தொலைக்காட்சிப் பெட்டி அவ்வேளையில் தானாகவே 2.4 வரிசைக்கு மாறிவிடும். பகலில் அது போதுமானதாகத் தோன்றும். மாலையில் நெரிசலுக்குள் விழும். காலையில் குறை தெரியாமலிருப்பதன் காரணம் இதுவே.

இரண்டையும் பிரித்தறியும் அளவீடு

வேண்டியவை ஒரு மடிக்கணினியும் ஓர் ஈதர்நெட் கம்பியும் மட்டுமே. கம்பியை ரவுட்டரில் நேரடியாகச் செருகி, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடவும். வீட்டில் வேறெவரும் காணொளி பார்க்காத, பதிவிறக்கம் செய்யாத வேளையில் tjekditnet.dk என்ற அரச இணையத்தளத்தில் உள்ள வேக அளவீட்டை இயக்கவும். காலை 10 மணியளவில் ஒரு முறையும், இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையே ஒரு முறையும் இவ்வாறு அளக்கவும். பின்னர் அதே இரவு நேரத்தில், கம்பியைக் கழற்றி, படம் நிற்கும் அறையில் தொலைக்காட்சியின் அருகே வைஃபை மூலம் அளக்கவும்.

ஓர் எண்ணைக் குறித்து எச்சரிக்கை தேவை. கம்பி மூலம் அளக்கும்போது காலையிலும் மாலையிலும் மாறாமல் 94 அல்லது 95 மெகாபிட் மட்டுமே கிடைக்குமாயின், அது தெருவின் நெரிசலன்று. பழைய மடிக்கணினியின் செருகியோ பழுதுற்ற கம்பியோ 100 மெகாபிட்டில் நிறுத்திவிடுகின்றது என்பதன் அடையாளம் அது. கம்பியை மாற்றி மீண்டும் அளக்க வேண்டும்.

இரு வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரண்டிலும் திட்டம் 300 மெகாபிட். இரண்டிலும் முறைப்பாடு ஒன்றே. முதல் வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. கம்பி மூலம் காலையில் 280, இரவில் 235. படுக்கையறையில் வைஃபை மூலம் காலையில் 38, இரவில் 4. இவ்வீட்டுக்குத் தெருவிலிருந்து இரவிலும் 235 வந்து சேர்கின்றது. அதில் 4 மட்டுமே படுக்கையறையை எட்டுகின்றது. உயர்தெளிவுப் படத்துக்குத் தேவையான 5ஐவிட அது குறைவாகையால் படம் நிற்கின்றது. இக்குடும்பம் 1000 மெகாபிட் திட்டத்துக்கு மாறினாலும் படுக்கையறையில் அதே 4 மட்டுமே கிடைக்கும்.

இரண்டாவது வீடு தனி வீடு. கம்பி மூலம் காலையில் 280, இரவில் 12. வரவேற்பறையில் வைஃபை மூலமும் இரவில் 12. இங்கு வைஃபையில் குறையில்லை. ரவுட்டருக்கு வந்து சேர்வதே 12 மட்டுந்தான். ரவுட்டரை எங்கு நகர்த்தினாலும், புதிதாக எதை வாங்கினாலும் இந்த எண் மாறாது. இது நிறுவனத்துடன் பேச வேண்டிய விடயம்.

இவ்விரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவது நிலையும் உண்டு. மற்றக் காணொளிச் சேவைகள் அனைத்தும் இரவில் நன்கு ஓட, ஒரேயொரு தமிழ் அலைவரிசைச் செயலி மட்டும் தடைபடுமாயின், வீட்டுப் பாதையிலும் வைஃபையிலும் குறையில்லை. அச்சேவையின் சேவையகமோ, அதற்கும் டென்மார்க்குக்கும் இடையிலான பாதையோ நிரம்பியுள்ளது. உரிமமின்றி அலைவரிசைகளை வழங்கும் பெட்டிகளில் இது மிகுதியாகக் காணப்படும். அத்தகைய சேவை சட்டவிரோதமானதாகையால் அதுபற்றி முறைப்பாடு செய்யவும் இடமில்லை.

குறை வைஃபையில் இருப்பின்

முதலில் கவனிக்க வேண்டியது ரவுட்டர் இருக்கும் இடம். பல வீடுகளில் அது நுழைவாயில் அலுமாரிக்குள், மின்மானிக்கு அருகில், அல்லது தொலைக்காட்சிக்குப் பின்னால் தரையில் வைக்கப்பட்டிருக்கும். உலோகக் கதவுள்ள பெட்டி அலையை அடைத்துவிடும். தொலைக்காட்சியின் பின்புறமும் அலையைத் தடுக்கும். மீன் தொட்டியும் வெந்நீர்க் கலனும் அவ்வாறே. ரவுட்டர் திறந்த வெளியில், நெஞ்சளவு உயரத்தில், பார்க்கும் அறைக்கும் அதற்கும் இடையே ஒரு சுவருக்கு மேல் இல்லாதவாறு அமைய வேண்டும். சுவரில் உள்ள செருகியிலிருந்து நீளமான கம்பி ஒன்றை வாங்கி ரவுட்டரை நகர்த்துவது, புதிய ரவுட்டர் வாங்குவதைவிட மலிவானது.

இரண்டாவதாக, ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் தொலைக்காட்சியையோ பெட்டியையோ இயன்றவரை ஈதர்நெட் கம்பி மூலம் இணைக்கவும். மிகுதியான தரவை இழுக்கும் கருவி வானலையிலிருந்து விலகுவதால் கைப்பேசிகளுக்கும் இடம் கிடைக்கும். கம்பி இயலாதாயின், தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இணைக்கவும். பல ரவுட்டர்கள் இரு வரிசைகளுக்கும் ஒரே பெயரைக் காட்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அவற்றைப் பிரித்து இரு பெயர்களாக்கலாம்.

மூன்றாவதாக, அலையைத் திரும்ப ஒலிபரப்பும் துணைக்கருவியை வாங்குவோர் பெரும்பாலும் அதனைப் படம் நிற்கும் அறையிலேயே வைக்கின்றனர். மெலிந்த அலையைப் பெறும் கருவி மெலிந்த இணைப்பையே திரும்பத் தரும். அது பாதி வழியில், ரவுட்டரின் அலை இன்னும் வலுவாக எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கியதும் சிறிது நேரம் சரியாகிவிடுவதாகப் பலர் கூறுவர். அதற்கும் விளக்கம் உண்டு: தடத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் ரவுட்டர், மீண்டும் இயங்கும்போது அவ்வேளையில் வெறுமையாக உள்ள தடத்தைத் தேடுகின்றது. அது உதவுமாயின், நெரிசல் வானலையில்தான் என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

கவனிக்கப்படாத ஒன்று: பதிவேற்றம்

கோக்ஸ் இணைப்புகளிலும் கோபுர இணைப்புகளிலும் வீட்டிலிருந்து வெளியே செல்லும் பாதை, உள்ளே வரும் பாதையைவிடப் பல மடங்கு குறுகியது. மாலையில் வீடு திரும்பும் கைப்பேசிகள் மின்னேற்றியிலும் வைஃபையிலும் இணைந்ததும், அன்றைய படங்களையும் காணொளிகளையும் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்குகின்றன. குறுகிய பாதை நிரம்பிவிடுகின்றது. காணொளியின் துண்டு வந்து சேர்ந்தது என்ற சிறு ஒப்புகையும் அதே பாதையில்தான் வெளியே செல்ல வேண்டும். அது வரிசையில் சிக்குவதால் அடுத்த துண்டு தாமதமாகின்றது. யாழ்ப்பாணத்திலுள்ள உறவினருடனான காணொளி அழைப்பும் திணறுகின்றது. கைப்பேசியின் அமைப்பில் படச் சேமிப்பைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, மாற்றம் தெரிகின்றதா எனப் பார்ப்பது செலவற்ற சோதனையாகும்.

திட்டத்தின் எல்லை எப்போது காரணமாகின்றது

டென்மார்க்கில் நிலையான கம்பி இணைப்புகளில் தரவு அளவுக்கு வழக்கமாக எல்லை இருப்பதில்லை. கைப்பேசிக் கோபுரம் வழியாக வரும் திட்டங்கள் சிலவற்றில் மாதத்துக்கு இத்தனை கிகாபைட் என்ற எல்லை உண்டு. அதனைக் கடந்ததும் வேகம் குறைக்கப்படும். ஆனால் அதன் அடையாளம் வேறு. அது மாதத்தின் ஒரு நாளில் தொடங்கி, காலை மாலை என்ற வேறுபாடின்றி நீடித்து, புதிய மாதக் கணக்குத் தொடங்கியதும் நீங்கிவிடும். மாலையில் மட்டும் தோன்றிக் காலையில் மறையும் தடைக்குத் தரவு எல்லை காரணமாகாது.

குறை நிறுவனத்தின் பாதையில் இருப்பின்

விளம்பரத்தில் காணப்படும் op til என்ற சொற்களுக்கு ‘வரை’ என்பதே பொருள். 300 வரை என்பது 300 என்ற உறுதிமொழியன்று. ஆயினும் நுகர்வோர் பாதுகாப்பற்றவர் அல்லர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2120 இலக்க ஒழுங்குவிதியின்படி, நிலையான இணைப்புக்கான ஒப்பந்தத்தில் மிகக் குறைந்த வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், உச்ச வேகம், விளம்பரப்படுத்திய வேகம் ஆகியன பதிவேற்றத்துக்கும் பதிவிறக்கத்துக்கும் தனித்தனியே குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும். கைப்பேசி வழி இணைப்புக்கு இவ்விதி தளர்வானது. அங்கு மதிப்பிடப்பட்ட உச்ச வேகமும் விளம்பரப்படுத்திய வேகமும் மட்டுமே கூறப்பட வேண்டும். கைப்பேசி வழித் திட்டத்துக்கு மாறுமுன் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நன்று.

மேற்கூறிய இரண்டாவது வீட்டின் ஒப்பந்தத்தில் மிகக் குறைந்த வேகம் 100 எனக் குறிப்பிடப்பட்டுள்ளதாகக் கொள்வோம். இரவில் ஒரு நாள் 12 கிடைத்தது என்பது போதிய சான்றன்று. வேறுபாடு குறிப்பிடத்தக்கதாகவும், தொடர்ந்தோ மீண்டும் மீண்டுமோ நிகழ்வதாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே இரு வாரங்களுக்கு, நாள்தோறும் காலையும் இரவும், கம்பி மூலமே அளந்து, நாள், நேரம், வேகம் ஆகியவற்றைப் பதிந்து, திரையின் படத்தையும் சேமித்து வைக்கவும். வைஃபை மூலம் எடுத்த அளவீட்டை அனுப்பினால், குறை வீட்டுக்குள் இருக்கலாம் என்று நிறுவனம் பதிலளிக்கும், அப்பதில் நியாயமானதே.

பின்னர் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்யவும். தொலைபேசியில் பேசியது பின்னர் சான்றாக நிற்பது கடினம். ஒப்பந்தத்தில் உள்ள எண், அளவீட்டில் கிடைத்த எண்கள், எத்தனை நாட்கள், குறையை எத்தேதிக்குள் நீக்க வேண்டும் என்பன அதில் இருத்தல் போதுமானது. குறை நீங்காவிடின் கட்டணத்தில் விகிதமுறைக் குறைப்பைக் கோரலாம். குறை பெரிதாயின் ஒப்பந்தத்தை முறிக்கவும் கோரலாம். நிறுவனத்துடன் தீர்வு காண இயலாதாயின் தொலைத்தொடர்பு முறைப்பாட்டுச் சபையான டெலெஆங்கெனெவ்னெட்டை நாடலாம். நிறுவனத்திடம் முதலில் முறைப்பாடு செய்திருப்பது அதற்கு முன்நிபந்தனை.

இணைப்பு வீட்டுவசதிச் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் வழியாக வருமாயின், ஒரே கம்பியைப் பகிரும் அயலவர்களுக்கும் அதே குறை இருத்தல் வேண்டும். அவர்களும் கம்பி மூலம் அளந்த எண்களுடன் குடியிருப்பின் பகுதிக் கூட்டத்தில் விடயத்தை முன்வைத்தால், ஒப்பந்தத்தின் தரப்பான சங்கமே நிறுவனத்துடன் பேசும் நிலை உருவாகும்.

நிறுவனத்தை மாற்ற விரும்புவோர், tjekditnet.dk தளத்தில் முகவரியைப் பதிந்து, தம் கட்டடத்துக்கு எவ்வகை இணைப்புகள் வருகின்றன என்பதை முதலில் பார்க்கவும். வேறு நிறுவனமாயினும் அதே கோக்ஸ் கம்பி வழியாகவே வருமாயின், அதே தெருவின் நெரிசலும் கூடவே வரும். ஒளியிழை போன்ற வேறு வகை இணைப்புக்கு மாறினால் மட்டுமே பாதை மாறுகின்றது. டென்மார்க்கில் நுகர்வோர் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக் காலம் 6 மாதங்களுக்கு மேற்படலாகாது. எனவே புதிய இணைப்பு வந்த முதல் வாரத்திலேயே காலையும் இரவும் கம்பி மூலம் அளந்து, அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.